தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நடுவே

அழைப்பிதழும் கையுமாக வந்தவள், உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். “சார், இதுல ஏற்புரைன்னு என் பேருக்கு நேரா போட்டிருக்கு. கடைசியில நன்றியுரைன்னும் ஒண்ணு இருக்கு. ரெண்டும் நானே பேசணுமா?”

இருபது வருஷத்துக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்புத் தமிழ் படித்தவள். இப்போது விருதுநகரில் வீட்டோடு ஒரு சின்னக் கடை வைத்துப் பொடி வகைகள் விற்கிறாள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கொள்ளுப் பொடி. கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். உள்ளூர் வணிகர் அமைப்பு ஒன்று அந்த ஆண்டின் சிறந்த சிறுதொழில் முனைவோர் விருதுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. பள்ளி விழாக்களிலும் ஊர் விழாக்களிலும் நிகழ்ச்சி தொகுத்தே ஓய்வுபெற்றவன் நான் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. நம் ஊர் மேடையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். நன்றியுரை என்பது விழா நடத்துகிறவர்களின் வேலை. மண்டபம் கொடுத்தவர், மைக் செட்காரர், தேநீர் தந்தவர், பத்திரிகையாளர் என்று யாரையும் விடாமல் வாசித்து முடிக்கும் பட்டியல் அது. பெரும்பாலும் செயலாளரோ பொருளாளரோ, பாதிக் கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு பேசுவார். ஏற்புரை விருது வாங்கியவருடையது. “கொடுத்தீர்கள், பெற்றுக்கொண்டேன், எதற்காக என்று எனக்கும் தெரியும்” என்று சபைக்குச் சொல்லும் பேச்சு. அதிலும் நன்றி உண்டு, ஆனால் பட்டியல் இல்லை.

அவள் எழுதிக் கொண்டுவந்திருந்தது நன்றியுரை. ஐந்து பக்கம், சுமார் 540 சொற்கள். நின்றுகொண்டு உரக்கப் படிக்கச் சொல்லி கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடத்தைத் தாண்டியது. மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 90 சொல் என்பது என் அனுபவக் கணக்கு. நம் சொற்கள் நீளமானவை. ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்பது ஒரே சொல்தான், ஆனால் ஒரு மூச்சு போய்விடும்.

எவ்வளவு நேரம் பேசலாம் என்றாள். அதற்கு ஓர் அளவுகோல் விழாவுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, அதை 55 விநாடியில் பாட வேண்டும் என்று தமிழக அரசு வரையறுத்தது. நாட்டுப்பண்ணின் முழு வடிவத்துக்கு 52 விநாடி. விழாவைத் தொடங்கி வைப்பதும் முடித்து வைப்பதுமான இரண்டு பாட்டும் சேர்ந்தே இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சபை எழுந்து நின்று பொறுமையாகக் கேட்கிற அளவு அது. “உன் பேச்சும் அந்த ரெண்டு பாட்டு நீளம் இருந்தாப் போதும்மா” என்றேன். முகம் வாடிவிட்டது. ஆஸ்கர் மேடையிலேயே 45 விநாடிதான் கணக்கு என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது.

நேரம் ஏன் முக்கியம் என்பது நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, நாலைந்து வாழ்த்துரை, சிறப்புரை, விருது வழங்கல், அதன் பிறகுதான் ஏற்புரை. முன்னால் பேசுகிற ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டாலே அரை மணி நேரம் போய்விடும். அந்தக் கடன் முழுதும் கடைசியில் பேசுகிறவர் தலையில் விழும். பின்பக்கம் சாப்பாட்டுப் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும். அந்தச் சத்தத்தை ஜெயித்த பேச்சாளரை நான் பார்த்ததில்லை.

அவளுடைய ஐந்து பக்கத்தில் முதல் பக்கம் முழுக்க விளிப்பு. தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே என்று பதினோரு பேர். இது மட்டுமே முக்கால் நிமிடம். விட்டுவிடவும் பயம், நம் ஊரில் பெயர் விட்டுப்போன மனிதர் அடுத்த பத்து வருஷம் அதை மறக்கமாட்டார். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். ஆறு பேர் பெயரைச் சொன்னால் ஏழாவது ஆள் கோபிப்பார். ஆகவே தலைமை வகிப்பவர், கையில் விருதைக் கொடுத்தவர், இந்த இரண்டு பேரை மட்டும் அவர்கள் செய்த வேலையைச் சொல்லி விளித்துவிட்டு, மற்ற எல்லோரையும் ஒரே சொல்லில் வணங்கிவிட வேண்டும். பொறுப்பைச் சொல்லி விளிக்கும்போது தான் விடுபட்டதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்துதான் விஷயத்துக்கு வந்தோம். மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்:

“அனைத்திற்கும் மேலாக, என் தொழிலின் முதுகெலும்பாக விளங்கும் வாடிக்கையாளப் பெருமக்களுக்கும், சமூக ஊடகங்களில் என்னைப் பின்தொடரும் 11,400 நல்லுள்ளங்களுக்கும் என் சிரம் தாழ்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.”

“இதுல உன் பொடி எங்கம்மா இருக்கு?” என்று கேட்டேன். முழித்தாள். இதே வாக்கியத்தை சிமெண்ட் கடைக்காரர் சொல்லலாம், டியூஷன் சென்டர் நடத்துகிறவர் சொல்லலாம். சபையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குக்கூட இது தன்னைச் சொல்வதாகத் தோன்றாது. ‘வாடிக்கையாளர்கள்’ என்ற பன்மைக்கு முகம் கிடையாது. ஒரே ஒரு வாடிக்கையாளர், அவர் செய்த ஒரே ஒரு காரியம், அதனால் கடையில் மாறிய ஒரே ஒரு விஷயம். இந்த மூன்றும் கிடைத்தால் நன்றி என்ற சொல்லே இல்லாமலும் நன்றி சொல்லிவிடலாம்.

அப்படி யாராவது உண்டா என்று கேட்டால், முதலில் எல்லோரும் சொல்வதையே அவளும் சொன்னாள்: “எல்லாருமே நல்லாருக்குன்னுதான் சார் சொல்வாங்க.” பாராட்டியவர்கள் வேண்டாம், திட்டியவர்கள் யார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள்.

தொழில் தொடங்கிய புதிதில் அவளுடைய பருப்புப் பொடியில் பாதிக்கு மேல் பொட்டுக்கடலை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தே வருவது, லேசாகச் சூடு காட்டினால் போதும், மாவாக அரைபடும், துவரம்பருப்பைவிட விலையும் குறைவு. துவரம்பருப்போ சிறு தீயில், நிறம் ஒரே சீராக மாறும்வரை, கை ஓயாமல் வறுக்க வேண்டியது. ஒரு நாள் தெருக்கோடி வீட்டு அம்மா, பிரித்த பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். பணத்தைக் கேட்கவில்லை. “இது பொட்டுக்கடலை மாவும்மா, பருப்புப் பொடி இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவே அளவை மாற்றினாள். துவரம்பருப்பு மூன்று பங்கு, பொட்டுக்கடலை ஒரு பங்கு. விலையையும் கூட்ட வேண்டிவந்தது. கூட்டிய விலையில் முதலில் வாங்கியது அதே அம்மா.

“இதை மேடையில சொன்னா கேவலமா இருக்காதா சார்?” என்றாள். அவளுடைய ஐந்து பக்கத்தில் எங்கும் இல்லாத உயிர் இதில்தான் இருந்தது. அதோடு, சபையில் இருக்கப்போகிறவர்கள் யார் என்று யோசிக்கச் சொன்னேன். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பருப்பு விலையும் எண்ணெய் விலையும் செய்தித்தாளில் வருகிற ஊர் இது. முன்வரிசையில் உட்காரும் அண்ணாச்சிகள் துவரம்பருப்பைக் கையில் அள்ளியதுமே தரத்தைச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் போய்ப் பருப்பின் மகிமையைப் பேசினால் எடுபடாது. சரக்கில் கலப்பைக் கண்டுபிடித்த ஒரு வாடிக்கையாளரின் கதையோ அவர்களுக்கு நன்றாகப் புரியும். அவர்கள் தாத்தா காலத்திலிருந்து அந்த மாதிரி வாடிக்கையாளருக்குப் பயந்துதான் கடை நடத்தியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் கதையைச் சொல்லுமுன் அவரிடம் கேட்டுவிட வேண்டும். பெயர் சொல்லத் தேவையில்லை. அவருடைய வீட்டு விவகாரம், உடல்நலம் பற்றி எதுவும் வாயில் வரக்கூடாது. ‘சர்க்கரை நோய் இருக்கிற ஒரு அக்கா’ என்று ஆரம்பித்த ஒரு கடைக்காரரை நான் கேட்டிருக்கிறேன். சின்ன ஊர், சொன்ன அடுத்த நொடியே அந்த அக்கா யார் என்று கூட்டம் திரும்பிப் பார்த்துவிட்டது.

இனி அந்த 11,400. அவளுக்கு அது பெருமையான எண், பெருமைப்பட நியாயமும் இருக்கிறது. ஆனால் மேடையில் அந்த எண்ணைச் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். இன்ஸ்டாகிராம் தெரியாதவருக்கு அது வெறும் சத்தம். தெரிந்தவருக்கோ, “நம்ம பையனுக்கே இருபதாயிரம் இருக்கே” என்று தோன்றும். தவிர, பின்தொடர்கிறவர் வேறு, வாங்குகிறவர் வேறு. அவளிடம் கணக்குப் பார்க்கச் சொன்னேன். மாதம் வருகிற ஆன்லைன் ஆர்டர் 150-ஐத் தாண்டவில்லை. அதிலும் பாதிப் பேர் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள். அப்படியென்றால் மீதிப் பத்தாயிரம் சொச்சம் பேர் என்ன செய்கிறார்கள்? வேடிக்கை பார்க்கிறார்கள். வேடிக்கை பார்க்கிறவருக்கு எதற்காக நன்றி சொல்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் “நல்லுள்ளங்கள்” என்று சொல்வதால்தான் அந்த வாக்கியம் பொய்யாக ஒலிக்கிறது.

பதிலை அவளே கண்டுபிடித்தாள். வறுக்கும்போது எடுத்துப் போட்ட ஒரு வீடியோவின் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: “பேக் பண்ணின தேதி போட்டிருக்கீங்க. வறுத்தது என்னைக்கு?” ஞாயிற்றுக்கிழமை வறுத்து, புதன்கிழமை அரைத்து அடைப்பது அவள் வழக்கம். பாக்கெட்டில் புதன்கிழமைத் தேதிதான் இருக்கும். சட்டப்படி அதில் குறை இல்லை, ஆனால் கேள்வி குத்தியது. அதற்கடுத்த வாரத்திலிருந்து வறுத்த தேதியையும் தனியாக எழுதி ஒட்டுகிறாள். கேள்வி கேட்டவர் இன்றுவரை ஒரு பாக்கெட் வாங்கியதில்லை! பின்தொடர்கிறவர் ஒரு தொழிலுக்கு என்ன செய்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஆள். உள்ளே இருப்பவர் அதனால் சுத்தமாக வேலை செய்கிறார்.

இவர்களுக்கு என்ன சொல் போடுவது என்பதிலும் கொஞ்சம் தடுமாறினோம். ‘பின்தொடர்பவர்கள்’ என்றால் தெருவில் யாரோ பின்னாலேயே வருவதுபோல இருக்கிறது என்றாள். ‘ஃபாலோயர்ஸ்’ என்றால் முன்வரிசைப் பெரியவர்களுக்கு எட்டாது. கடைசியில் பெயரே வைக்காமல், அவர்கள் செய்வதைச் சொல்லிவிட்டோம்: போனில் நான் வறுப்பதைப் பார்க்கிறவர்கள்.

மொழி நடைதான் எங்களிடம் அதிக நேரம் எடுத்தது. பேசுவதற்கென்று உட்கார்ந்து எழுதும்போது நம் எல்லோருக்கும் கை தானாகச் செந்தமிழுக்குப் போய்விடுகிறது. ‘பெருமகிழ்ச்சி அடைகிறேன்’ என்று வாழ்நாளில் வாயால் சொல்லியிராதவர், முதல்முறையாக முந்நூறு பேர் முன்னால், படபடப்போடு சொல்லப் பார்க்கிறார். நாக்கு தடுக்காமல் என்ன செய்யும்? முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே போனாலும் சபைக்கு மரியாதை குறைந்ததுபோல ஆகிவிடுகிறது. நல்ல மேடைப் பேச்சாளர்களைக் கவனித்தால், விளிப்பையும் வணக்கத்தையும் எழுத்துத் தமிழில் நிமிர்ந்து சொல்வார்கள். கதைக்கு வந்ததும் வீட்டுத் தமிழுக்கு இறங்கிவிடுவார்கள். அந்த இறக்கத்திலேயே சபை காதைத் தீட்டிக்கொள்ளும்.

இன்னொரு வாக்கியத்தையும் அடித்தேன்: “இந்த விருதுக்கு நான் தகுதியானவளா என்று தெரியவில்லை.” அடக்கம்தான், ஆனால் தேர்ந்தெடுத்த ஐந்து பேரும் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்துதானே கொடுத்தார்கள்? வீட்டாருக்கு நன்றி சொல்லும் பகுதியை ஆரம்பத்திலிருந்து கடைசிக்குத் தள்ளினேன். அம்மா என்ற சொல் வந்ததும் அவளுக்குத் தொண்டை அடைத்ததை ஒத்திகையிலேயே பார்த்துவிட்டேன். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் பேச்சு முடிகிற இடத்தில் வரட்டும்.

இப்படி வந்து நின்ற பேச்சு இது:

“தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களுக்கும், இந்தக் கேடயத்தை என் கையில் தந்த சிறப்பு விருந்தினர் அவர்களுக்கும், மேடையிலும் எதிரிலும் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பருப்புக்கு விலை சொல்ற ஊர்ல, பருப்புப் பொடிக்கு விருது வாங்கிட்டு நிக்கிறேன். கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால நான் வித்த ஒரு பாக்கெட் திரும்பி வந்துச்சு. கொண்டுவந்த அம்மா காசைக் கேக்கல. ‘இது பொட்டுக்கடலை மாவும்மா, பருப்புப் பொடி இல்லை’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரி அளவை மாத்தினேன். இன்னைக்கும் அந்த அளவுதான். அந்த அம்மா இன்னைக்கும் வாங்குறாங்க. குறையும் சொல்லி, மறுபடி வந்தும் வாங்குற எல்லா வாடிக்கையாளருக்கும் நன்றி.

இன்னும் சில பேர் என் கடைக்கு வந்ததே இல்லை. போன்ல நான் வறுக்கிறதைப் பாக்குறாங்க. அதுல ஒருத்தர், ‘பேக் பண்ணின தேதி இருக்கு, வறுத்தது என்னைக்கு?’ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. அடுத்த வாரத்துல இருந்து எல்லா பாக்கெட்லயும் வறுத்த தேதியும் இருக்கு. கேட்டவங்க இதுவரைக்கும் ஒரு பாக்கெட்கூட வாங்கலை. ஆனா வாங்குற எல்லாருக்கும் நல்லது செஞ்சிட்டாங்க. அவங்களுக்கும் நன்றி.

காலையில அஞ்சு மணிக்கு என்னோட அடுப்பு முன்னால நிக்கிற ரெண்டு பேர் அங்க மூணாவது வரிசையில இருக்காங்க. அவங்க பக்கத்துல எங்க வீட்டுக்காரர், எங்கம்மா. இந்தக் கேடயம் நாளையில இருந்து அடுப்படியிலதான் இருக்கும். வணக்கம்.”

வாங்கலை என்ற இடத்தில் சிரிப்பு வரும், அது அடங்கும்வரை நிற்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். நிறுத்தங்களோடு படித்தபோது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அரை நிமிடத்துக்கு இன்னொன்றும் தயார் செய்துகொண்டோம். விளிப்பு ஒரு வரி, திரும்பி வந்த பாக்கெட், வணக்கம். நேரமில்லை என்றால் அதுதான். நீளமானதை வேகமாகப் படிப்பது மட்டும் கூடவே கூடாது. ‘நேரம் குறைவாக இருப்பதால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்’ என்பதும் வேண்டாம், அதைச் சொல்வதற்கே சில விநாடி போகிறது.

இனி கைகள். விருது வாங்கியவரின் பெரிய பிரச்சினை பேச்சே இல்லை, கைதான். தோளில் பொன்னாடை வழுக்கும், ஒரு கையில் கேடயம், மறு கையில் சான்றிதழ், சில ஊரில் மாலையும். காகிதத்தை எப்படி எடுப்பது? புகைப்படம் எடுத்து முடிந்ததும் கேடயத்தையும் பொன்னாடையையும் மேடை மேசையில் வைத்துவிட வேண்டும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பேச்சைப் போனில் வைத்துப் படிக்க நினைத்தாள். திரை அணைந்துபோகும், நடுவில் ஆர்டர் செய்தி வந்து விழும் என்று கெட்டி அட்டையில், பெரிய எழுத்தில், ஒரே பக்கமாக எழுதவைத்தேன்.

வீடியோ விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. இணையத்தில் பார்க்கிறவர்களுக்காகக் கடைசியில் கேமராவைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றாள். எதிரில் இருக்கிற முந்நூறு பேரை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துப் பேசினால், சபைக்கு முதுகைக் காட்டியதுபோல் ஆகிவிடும் என்றேன். ரீல்ஸில் இப்போது மூன்று நிமிட வீடியோவும் போட முடியும். முழுப் பேச்சும் அடங்கிவிடும். சபையைப் பார்த்துப் பேசியதை அப்படியே போட்டாலே, பார்க்கிறவர்களும் தாங்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதாக உணர்வார்கள். அரைமனதாகத் தலையாட்டினாள்.

விழா அன்று எதிர்பார்த்தபடியே முக்கால் மணி நேரம் தாமதம். சிறப்பு விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்று தொகுப்பாளர் அவள் காதில் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். சின்னதுக்கு மாறிவிடுவாள் என்று நினைத்தேன். மாறவில்லை. அட்டையை ஒருமுறை பார்த்தாள், அப்புறம் பார்க்கவே இல்லை. ‘பயமாத்தான் இருக்கு’ என்றதும் அண்ணாச்சிகள் வரிசையில் சிரிப்பு கிளம்பியது, அது எங்கள் கணக்கில் இல்லை. மூன்றாவது வரிசையைக் கை காட்டியபோது அடுப்படியில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

கணவர் எடுத்த வீடியோவில் பாதித் திரையை யாரோ ஒருவருடைய தலை மறைத்திருந்தது. அதையே போட்டாள். மறுநாள் காலை கீழே வந்து விழுந்த கேள்விகளில் வாழ்த்துகளைவிட, துவரம்பருப்பு எத்தனை பங்கு, பொட்டுக்கடலை எத்தனை பங்கு என்பவைதான் அதிகம். தெருக்கோடி வீட்டு அம்மாவும் பேரனின் போனில் பார்த்திருக்கிறார். கடைக்கு வந்தாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“நல்லாப் பேசினியாம்மா, ஆனா இப்ப கொஞ்ச நாளா உப்பு தூக்கலா இருக்குன்னாங்க சார்.”